தண்ணீர் முறையும் கொசுவின் கணக்கும்

கொசு என்றதும் நம் ஊர்களில் பேச்சு நேராகச் சாக்கடைக்குப் போய்விடுகிறது. வார்டு கூட்டங்களில் எழும் புகார், கவுன்சிலரின் பதில், நகராட்சி அனுப்பும் புகை வண்டி எல்லாமே அந்தத் திசையிலேயே நகர்கின்றன. சாக்கடை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இன்று நம் நகரங்களிலும் பெரிய கிராமங்களிலும் ஆளைச் சாய்க்கும் டெங்குவும் சிக்குன்குனியாவும் சாக்கடையில் பிறப்பவை அல்ல. நகரத்து மலேரியாவும் அப்படித்தான். இவற்றைச் சுமக்கும் கொசுக்கள் நாம் குடிக்கவும் குளிக்கவும் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில் பிறக்கின்றன. தண்ணீரை ஏன் பிடித்து வைக்கிறோம்? குழாயில் நாள்தோறும் வருவதில்லை. ஆகவே இந்த நோய்களைப் பெருமளவு தீர்மானிப்பது தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்பதுதான். இதுவே இன்று நான் நிறுவ முற்படும் கருத்து. இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை பல உண்டு. அவற்றையும் மறைக்காமல் எடுத்துப் பேசுகிறேன்.

முதலில் எந்தக் கொசு எங்கே என்பதைப் பிரித்துக்கொள்வோம். இரவெல்லாம் காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் க்யூலெக்ஸ். தேங்கிய கழிவுநீரில் தெப்பம்போல் ஒட்டிய முட்டைக் கூட்டங்களை இடுவது இதுதான். யானைக்கால் நோயைப் பரப்பும் வல்லமை இதற்கு உண்டு, ஆனால் டெங்கு இதன் வேலை இல்லை. டெங்குவுக்கும் சிக்குன்குனியாவுக்கும் உரியது ஏடிஸ் எஜிப்தி. கால்களில் வெள்ளை வளையம் போட்ட சிறிய கொசு இது. காலையிலும் மாலைக்கு முன்பும் சத்தமில்லாமல் கணுக்காலில் கடிக்கும். கட்டிலுக்கடியிலும் கொடியில் தொங்கும் துணிகளின் மறைவிலும் ஓய்வெடுக்கும். நகரத்து மலேரியாவுக்கு உரியது அனோபிலிஸ் ஸ்டீபென்சி. இது இரவில் கடிக்கிறது, கிணற்றிலும் மாடித்தொட்டியிலும் வளர்கிறது. தொந்தரவு செய்யும் கொசுவும் நோய் தரும் கொசுவும் வெவ்வேறாக இருப்பதால், மக்களின் புகார் எப்போதும் முதல் கொசுவைப் பற்றியே எழுகிறது. நிர்வாகமும் புகார் எழும் இடத்திலேயே பணத்தைச் செலவழிக்கிறது. குற்றம் சாக்கடையின் மேல் விழுந்துவிட, குடிநீர்த் தொட்டி தப்பித்துக்கொள்கிறது.

ஏடிஸின் வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், என் வாதத்தின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது. பெண் கொசு ஒரு முறை இரத்தம் குடித்தால் நூறு முட்டை வரை இடும். அவற்றைத் தண்ணீரின் மேல் இடுவதில்லை. தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் பரவிய சுவரில், ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கிறது. ஒரே தொட்டியில் எல்லாவற்றையும் வைக்காமல் பக்கத்து வீடுகளின் பாத்திரங்களிலும் பங்கிட்டு வைக்கும். ஈரத்தில் இரண்டு நாள் இருந்து உள்ளே கரு முதிர்ந்துவிட்டால், அதன் பிறகு சுவர் காய்ந்தாலும் முட்டை சாவதில்லை. மாதக்கணக்கில் அப்படியே ஒட்டிக் கிடக்கும். என்றைக்குத் தண்ணீர் ஏறி அதை மூழ்கடிக்கிறதோ அன்றைக்குச் சில மணி நேரத்தில் பொரிந்துவிடும். வெளிவரும் புழு நான்கு பருவங்கள் வளர்ந்து, நம் ஊர் வெப்பத்தில் ஐந்து முதல் ஏழு நாளில் கூட்டுப்புழு ஆகிறது. கமா வடிவத்தில் இருக்கும் கூட்டுப்புழு ஏறத்தாழ இரண்டு நாளில் கொசுவாகப் பறக்கிறது. மொத்தம் ஏழு முதல் பத்து நாள். உயிர் பெறுவதற்கு இந்தப் பூச்சி கேட்பது இரண்டே வசதிகள்: மெல்ல இறங்கும் தண்ணீர்மட்டம், பிறகு திடீரென்று ஏறும் தண்ணீர்மட்டம்.

நம் வீட்டுத் தொட்டி அந்த இரண்டையும் தவறாமல் செய்கிறது. ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வாசலில் 600 லிட்டர் கொள்ளும் சிமெண்ட் தொட்டி, உள்ளே இரண்டு பிளாஸ்டிக் டிரம். பத்து நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறார்கள் என்று வையுங்கள். கோடையில் தென்மாவட்டத்து ஊர்களில் இது கேள்விப்படாத முறை இல்லை. முதல் நாள் தொட்டி நிறைகிறது. சென்ற முறை தண்ணீர் இறங்கியபோது சுவரில் வைத்த முட்டைகள் அன்றே மூழ்கிப் பொரிகின்றன. நாளுக்கு 60 லிட்டர் மொள்ள மொள்ள மட்டம் இறங்குகிறது, ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு ஈரப்பட்டை சுவரில் தோன்றுகிறது, அதில் புதிய முட்டைகள் ஒட்டப்படுகின்றன. ஆறாம் ஏழாம் நாளில் கூட்டுப்புழு தெரியும். எட்டாம் ஒன்பதாம் நாளில் கொசு பறந்துவிடும். பத்தாம் நாள் அடியில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர் மிச்சமிருக்கிறது. அடுத்த முறை எப்போது வருமோ என்ற பயத்தில் அதை யாரும் கொட்டுவதில்லை, அதன் மேலேயே புதுத் தண்ணீரைப் பிடிக்கிறார்கள். சுவரில் காத்திருந்த முட்டைகள் மூழ்கி, அடுத்த சுற்று தொடங்குகிறது. குழாயின் இடைவெளியும் கொசுவின் வளர்ச்சிக் காலமும் இப்படி ஒன்றுக்கொன்று பொருந்திப் போகின்றன. இதே வீட்டுக்கு நான்கு நாளுக்கு ஒரு முறை உறுதியாகத் தண்ணீர் வருமானால் அவ்வளவு பெரிய தொட்டி தேவைப்படாது. மிச்சத்தைக் கொட்டித் தேய்த்துக் கழுவவும் மனம் வரும். அப்போது கழுவப்படும் நாளில் புழு கூட்டுப்புழு நிலையைக்கூட எட்டியிருக்காது. ‘தேய்த்து’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். கவிழ்த்துக் கொட்டினால் புழுதான் போகும், ஒட்டிய முட்டை நாரும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தால் மட்டுமே போகும்.

இது ஒரு தொட்டியை வைத்துப் போட்ட கணக்குதானே, உண்மையான ஊர்களில் இப்படி நடக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். வியட்நாமின் கான் ஹோவா மாகாணத்தில் சுமார் 75,000 வீடுகளை உள்ளடக்கிய ஓர் ஆய்வு 2005 முதல் 2008 வரை இரண்டு டெங்கு அலைகளைப் பின்தொடர்ந்தது. டெங்கு நெரிசல் மிகுந்த மாநகர நோய் என்றே அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். ஆய்வில் தெரியவந்தது வேறு. சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 முதல் 7,000 பேர் வாழும் இடங்களில், அதாவது பெரிய கிராமம் அல்லது நகரத்தின் ஓரப் பகுதி என்று நாம் சொல்லக்கூடிய இடங்களில், குழாய்த் தண்ணீர் இல்லாதபோது ஆபத்து உச்சத்தில் இருந்தது. அதைவிட நெரிசலான நகர மையத்தில் குழாய் வசதி இருந்தது, அங்கே ஆபத்து குறைவாகவே இருந்தது. ஆட்கள் மிகக் குறைவாக உள்ள இடத்தில் தொட்டி இருந்தாலும் நோய் தொடர்வதில்லை, கொசுவுக்கு அடுத்தடுத்து ஆள் கிடைக்க வேண்டுமே. நம் ஊராட்சிகள் பலவும் மக்கள் நெருக்கத்தில் நகரமாகவும் தண்ணீர் வசதியில் கிராமமாகவும் இருக்கின்றன. அந்த ஆய்வு சுட்டும் ஆபத்தான இடம் அதுவே.

மலேரியாவின் பக்கம் திரும்பினால் சான்று இன்னும் பழையது. சார்லஸ் பென்ட்லி என்ற மருத்துவர் பம்பாயின் மலேரியாவை ஆராய்ந்து 1911-இல் அறிக்கை அளித்தார். நகரத்தின் மலேரியாக் கொசு ஸ்டீபென்சி, அதன் இருப்பிடம் வீட்டுக் கிணறுகள் என்று அவர் காட்டினார். கிணறுகளைத் தூர்க்க அல்லது மூட முற்பட்டபோது சமயக் காரணங்களைச் சொல்லி எதிர்ப்பு எழுந்தது. சடங்குக்குக் கிணற்று நீர் வேண்டும், அது திறந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். ஆனாலும் நகரம் பெருமளவுக்கு அந்த வழியில் நடக்க முடிந்தது. அதற்கு ஒரு காரணம், 1892-இலேயே தான்சா ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது என்பது. மாற்று வழி கையில் இருந்தபோதுதான் கிணற்றை மூடச் சொல்வதற்கு ஒரு நியாயம் பிறந்தது. அதே ஸ்டீபென்சி பின்னாளில் சென்னையின் மாடித்தொட்டிகளிலும் கிணறுகளிலும் குடியேறி, தமிழ்நாட்டு மலேரியாவின் பெரும்பங்கை நெடுங்காலம் தலைநகரிலேயே தேக்கி வைத்தது. இலங்கைக் கதை இன்னும் கூர்மையானது. 2016 செப்டம்பரில் அந்நாடு மலேரியா அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டு டிசம்பரில், அதுவரை அங்கே காணப்படாத ஸ்டீபென்சி மன்னாரில் வீட்டுக் கிணறுகளில் அகப்பட்டது. ஒட்டுண்ணியை விரட்டி முடித்த நாட்டுக்குள், நகரத்துத் தண்ணீரில் வாழத் தெரிந்த கொசு கடல் கடந்து வந்திருந்தது. கிணறுகளில் மீன் விடுவதும் பயன்படாத கிணறுகளை மூடுவதும் மருந்திடுவதுமாக அவர்கள் இன்றும் காவல் காக்க வேண்டியிருக்கிறது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, மழை. டெங்கு மழைக்காலத்தில்தானே ஏறுகிறது, பிறகு தண்ணீர்ப் பஞ்சத்தை ஏன் குற்றம் சாட்டுகிறீர்கள் என்பது நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2016-இன் வடகிழக்குப் பருவமழை கடுமையாகப் பொய்த்தது. அடுத்த ஆண்டு டெங்கு 23,000 பேரைத் தாண்டியது. இந்த இணைப்பை மட்டும் காட்டி வாதத்தை முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அதே 2017-இல் இலங்கை 1,86,000 நோயாளிகளைக் கண்டது. அங்கே மே மாதத்தில் பெருவெள்ளம், குவிந்த குப்பை, புதிதாக மேலோங்கிய வைரஸ் வகை எல்லாம் சேர்ந்திருந்தன. ஆகவே ஓர் ஆண்டின் எண்ணிக்கை எதையும் நிரூபிக்காது. மழை செய்வதை மழையின் கணக்கிலேயே எழுதுவோம். டயர், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த ஆட்டுக்கல், பிளாஸ்டிக் குவளை ஆகியவற்றை நிரப்பி, கொசுப் பிறப்பிடங்களைச் சில வாரங்களுக்குப் பல மடங்காக்குகிறது. ஆனால் அந்தச் சிரட்டையில் முட்டையிட வரும் தாய்க்கொசு எங்கிருந்து வந்தது? ஏப்ரல், மே மாதங்களில் ஊரில் சிரட்டை எல்லாம் காய்ந்து கிடக்கும்போது கொசுவின் வம்சத்தைக் காத்து வைத்திருப்பது வீட்டுக்குள் ஈரமாகவே இருக்கும் சிமெண்ட் தொட்டியும் டிரம்மும்தான். பூச்சியியலார் இவற்றைத் தாய்ப் பிறப்பிடங்கள் என்று பிரித்துச் சொல்வதுண்டு. மழைக்காலத்தில் நாம் துரத்துவது அவற்றின் வாரிசுகளை. நம் இயக்கங்கள் அக்டோபரில் தொடங்குவதன் பிழை இதிலிருந்தே தெரியும். தொடங்க வேண்டிய மாதம் ஏப்ரல்.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது, அறிவியலின் பெயரால் வருவது. புழுவைக் கொல்வதைவிட வளர்ந்த கொசுவைக் கொல்வதே பலன் தரும் என்று 1950-களில் ஜார்ஜ் மெக்டொனால்டு கணிதத்தால் காட்டினார். கொசு நோயாளியைக் கடித்தவுடனே அடுத்தவருக்குப் பரப்பிவிட முடியாது. டெங்கு வைரஸ் கொசுவின் வயிற்றிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சென்று சேர எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும், மலேரியா ஒட்டுண்ணிக்கும் ஏறத்தாழ அவ்வளவு காலம் வேண்டும். அதுவரை கொசு பிழைத்திருந்தால்தான் அது ஆபத்து. நாள்தோறும் நூற்றுக்குத் தொண்ணூறு கொசு பிழைக்கும் ஊரில், பத்து நாள் கழித்து முப்பத்தைந்து மிஞ்சும். தொண்ணூறை எண்பதாகக் குறைத்தால் பத்தாம் நாளில் பதினொன்றே மிஞ்சும். நாளுக்குப் பத்து கொசுவைக் கூடுதலாகக் கொன்றால் ஆபத்தான கொசு மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. இந்தக் கணக்கு சரி. நம் கிராமங்களில் சுவருக்கு டிடிடி அடித்த காலத்தில் மலேரியா சரிந்ததற்கு இதுவே விளக்கம். 1965 வாக்கில் நாடு முழுவதும் ஓராண்டு எண்ணிக்கை ஒரு லட்சத்தை ஒட்டி இறங்கியது. ஆனால் அங்கே கொசு இரத்தம் குடித்ததும் வீட்டுச் சுவரிலோ மாட்டுத்தொழுவச் சுவரிலோ போய் உட்கார்ந்தது, அங்கே அடித்த மருந்து மாதக்கணக்கில் நின்றது. ஏடிஸ் சுவரைப் பெரிதாக நாடுவதில்லை. துணியிலும் மேசைக்கடியிலும் அது ஒதுங்குகிறது, அங்கெல்லாம் சுவர்மருந்து அடிக்க வழியில்லை. நகரங்களுக்கென்று 1971-இல் தனித் திட்டம் போட்டு, புழுவொழிப்பை அதன் நடுவில் வைத்ததே இந்த வேறுபாட்டை அரசு அறிந்திருந்ததற்குச் சாட்சி. 1976-இல் நாட்டின் மலேரியா எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியபோது, மருந்தடிப்பை மட்டும் நம்பியதன் விலையும் புரிந்தது.

அப்படியானால் தெருவில் போகும் புகை? அது சுவரிலும் தங்குவதில்லை, தொட்டிக்குள்ளும் இறங்குவதில்லை. அந்த நிமிடத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவின் உடம்பில் மருந்துத் துளி பட்டால்தான் அது சாகும். ஏடிஸோ அந்நேரம் வீட்டுக்குள் இருக்கிறது. புகையைக் கண்டதும் நாமும் கதவைச் சாத்திக்கொண்டு அதற்குப் பாதுகாப்பளிக்கிறோம். முட்டைக்கும் புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் அந்தப் புகையால் ஒன்றும் நேர்வதில்லை. இன்று கூட்டுப்புழுவாக இருப்பது நாளை மறுநாள் பறக்கும். ஆகவே செத்தவற்றின் இடத்தை ஓரிரு வாரத்தில் புதியவை நிரப்பிவிடும். புகை வண்டிக்கு ஓர் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் தொடங்கிய நான்கைந்து நாள் வரை அதன் இரத்தத்தில் வைரஸ் இருக்கும். அப்போது கடித்த கொசுக்கள் இன்னும் சில நாளில் ஆபத்தாகும். அந்த இடைவெளிக்குள், அந்த வீட்டிலும் சுற்றியுள்ள வீடுகளிலும், கதவு சன்னலுக்கு உட்பக்கம், சிறு கருவியால் மருந்தடித்து, ஒரு வாரத்தில் மறுபடியும் அடித்தால் சங்கிலியை அறுக்க வாய்ப்பு உண்டு. அதற்கு ஆய்வக முடிவு ஓரிரு நாளில் வட்டாரப் பணியாளரின் கைக்கு வர வேண்டும். முடிவு பத்தாம் நாள் வந்து, பன்னிரண்டாம் நாள் தெருவில் புகை போனால், அது வாக்காளர் பார்வைக்காகப் போகிறது என்றே கொள்ள வேண்டும்.

மூன்றாவது எதிர்வாதத்தை அதிகாரிகள் அடிக்கடி சொல்கிறார்கள்: மக்களின் அலட்சியமே காரணம், அபராதம் போட்டால் சரியாகும். சட்டத்துக்குக் குறைவில்லை. 1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசுக்கட்டுப்பாட்டுக்கென ஒரு பகுதி இருக்கிறது. கட்டுமான இடத்தில் மாதக்கணக்கில் தண்ணீர் தேக்கும் ஒப்பந்தக்காரருக்கும், டயர்களை வெட்டவெளியில் குவிக்கும் கடைக்காரருக்கும் அபராதம் போடுவதை நான் வரவேற்கிறேன். ஆனால் பத்து நாளுக்கு ஒரு முறை தண்ணீர் தரும் நகராட்சி, அதைப் பிடித்து வைத்தவரிடம் அபராதம் கேட்பது எந்த முறையில் சேரும்? தொட்டியில் மிஞ்சிய அரை அடித் தண்ணீரைக் கொட்டாத பெண்ணை அலட்சியக்காரி என்கிறோம். அந்த அரை அடியின் மதிப்பு குடம் என்ன விலைக்கு விற்கிறது என்று அறிந்த அவருக்குத்தான் தெரியும். வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவுங்கள் என்ற அறிவுரைகூட, கழுவுவதற்குத் தண்ணீர் இருக்கும் வீட்டுக்கு ஏற்ற அறிவுரை.

அபேட் மருந்து ஊற்றுகிறோமே என்பார்கள். நல்ல மருந்து. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில் குடிநீரிலும் இடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. சிக்கல் இரண்டு. முதலாவது, தொட்டி காலியாகி நிறைகிற ஒவ்வொரு முறையும் மருந்து கரைந்து போகிறது. நீண்ட நாள் அசையாமல் நிற்கும் தண்ணீரில் வாரக்கணக்கில் வேலை செய்வது, மொள்ளும் தொட்டியில் அவ்வளவு நிற்காது. இரண்டாவது, கூட்டுப்புழு எதையும் உண்பதில்லை. உண்ணும் புழுவுக்கென்று செய்த மருந்துகள் அதனிடம் தோற்றுப்போகின்றன. ஆகவே பணியாளர் வந்து ஊற்றிய மறுநாளும் கொசு பறக்கக் காணும் வீட்டார், மருந்து போலி என்று முடிவு கட்டி அடுத்த முறை கதவைத் திறப்பதில்லை. கூட்டுப்புழு உள்ள தொட்டியை அன்றே காலி செய்தாக வேண்டும், அல்லது துணியால் வடிகட்டியாக வேண்டும். இதை அந்த வாசலிலேயே விளக்கிச் சொல்ல, நாளுக்கு இத்தனை வீடு என்று இலக்கு வைத்து ஓட விடப்படும் தினக்கூலிப் பணியாளருக்கு நேரம் தரப்படுவதில்லை.

மாற்று ஒன்று இருக்கிறது, எளியதும்கூட: மூடி. ஆனால் நம் ஊரில் மூடி என்று வைத்திருப்பவை பெரும்பாலும் மூடியே அல்ல. டிரம்மின் மேல் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தால் உள்ளே நிழலும் இடுக்கும் கிடைத்து ஏடிஸுக்கு வசதி கூடுகிறது. திறந்த டிரம்மைவிட அரைகுறையாக மூடிய டிரம்மில் புழு மிகுதியாக இருப்பது வியப்பில்லை. வாயில் இடைவெளி இல்லாமல் பொருந்தும், ரப்பர் நாடா தைத்த வலைத்துணி மூடியே வேலை செய்யும். தொட்டிக்கு அளவெடுத்துச் செய்த மூடிகளும் அப்படியே. மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் சென்னையின் சில குடியிருப்புகளில் அப்பகுதிப் பெண்கள் குழுக்களோடு சேர்ந்து தொட்டி மூடிகளைப் பரப்பிப் பார்த்தபோது, கூட்டுப்புழுக்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. மாடித்தொட்டியில் ஸ்டீபென்சி நுழைவது பெரும்பாலும் விரிசல் விட்ட மூடி வழியாகவும் வலை கட்டாத வழிவுக்குழாய் வழியாகவும்தான். இரண்டுக்கும் ஆகும் செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும். டார்ச்சு அடித்து உள்ளே பார்த்தால் எதுவென்று நீங்களே சொல்லலாம்: தண்ணீர்ப்பரப்போடு ஒட்டி மட்டமாகக் கிடக்கும் புழு அனோபிலிஸ், தலைகீழாகத் தொங்கும் புழு ஏடிஸ் அல்லது க்யூலெக்ஸ், நல்ல தண்ணீரில் தொங்கினால் ஏடிஸ் என்றே எண்ணலாம். வியட்நாமில் மூட முடியாத பெரிய தொட்டிகளில் மீசோசைக்ளோப்ஸ் என்ற சிறு நீருயிரியை விட்டார்கள். அது அப்போதுதான் பொரிந்த கொசுப்புழுவைத் தின்கிறது. 1998 முதல் 2003 வரை 37 கம்யூன்களில் 32-இல் ஏடிஸ் எஜிப்தியே இல்லாமல் போனது. அங்கும் முதலில் எந்தப் பாத்திரம் அதிகக் கொசு தருகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார்கள்.

எண்ணிப் பார்ப்பதில்தான் நாம் சறுக்குகிறோம். நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு இருந்தது என்பதே நம் அறிக்கைகளின் அளவுகோல். அதில் ஒரு சிரட்டைக்கும் ஒரு சிமெண்ட் தொட்டிக்கும் ஒரே மதிப்பெண். கணக்குக்காக இரண்டு வார்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் முப்பது சிரட்டை, குவளைகளில் புழு, எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுப்புழு ஐம்பது. மற்றதில் ஆறு சிமெண்ட் தொட்டிகளில் மட்டும் புழு, தொட்டிக்கு எண்பது கூட்டுப்புழு, ஆக 480. அறிக்கையின்படி முதல் வார்டு ஐந்து மடங்கு மோசம். பறக்கப்போகும் கொசுவின்படி இரண்டாவது வார்டு ஒன்பது மடங்குக்கு மேல் மோசம். புழுவில் பெரும்பகுதி வளருமுன் செத்துவிடும், கூட்டுப்புழுவில் பெரும்பகுதி பறந்துவிடும். எண்ண வேண்டியது கூட்டுப்புழுவை. அப்படி எண்ணினால் ஒரு வார்டில் கவனிக்க வேண்டியது ஆயிரம் பாத்திரம் இல்லை, சில பத்துத் தொட்டிகளே என்பது தெரியவரும்.

கடைசி எதிர்வாதம் புதுத் தொழில்நுட்பத்தின் மேல் நம்பிக்கை வைக்கிறது. வோல்பாகியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய ஏடிஸில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகுவதில்லை. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் அத்தகைய கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் வெளியானது. புதுச்சேரியின் கொசுக்கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் நம் நாட்டு ஏடிஸில் இதைச் செய்திருப்பதாக 2022-இல் அறிவித்தது. இது மெய்யான முன்னேற்றம், இதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் யோக்யகார்த்தாவில் பயன்பட்ட வகை சூடான தண்ணீரில் வளரும் புழுக்களில் வலுக்குறைகிறது. நம் வெயிலில் நிற்கும் டிரம்மை நினைத்துப் பாருங்கள். மேலும் அது ஸ்டீபென்சியைத் தொடாது. தண்ணீரைத் தேக்குவது தொடரும்வரை, ஒரு பூச்சியை அடக்கினாலும் அந்தத் தொட்டியில் வாழத் தெரிந்த அடுத்த பூச்சிக்கு இடம் திறந்தே இருக்கும்.

என் வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நாளைக்கே தினசரித் தண்ணீர் வந்தாலும் மக்கள் தொட்டியை உடைத்துவிட மாட்டார்கள். பல ஆண்டு ஏமாந்தவர்கள் ஓராண்டாவது முறை தவறாமல் வருவதைப் பார்த்த பிறகே சேமிப்பைக் குறைப்பார்கள். குழாய் வந்து வீட்டுக்கு வீடு தரைத்தொட்டியும் மாடித்தொட்டியும் பெருகினால் ஏடிஸ் குறைந்து ஸ்டீபென்சி கூடவும் கூடும். ஆகவே இடைவெளியைக் குறைப்பதும் பொருந்தும் மூடியும் ஒன்றாகப் போக வேண்டும். எந்த வார்டில் இடைவெளி ஏழு நாளைத் தாண்டுகிறதோ அந்த வார்டுக்கே மூடியும் பணியாளரும் முதலில் போக வேண்டும். இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. குடிநீர்ப் பிரிவிடம் எந்தத் தெருவுக்கு என்றைக்குத் தண்ணீர் விட்டோம் என்ற பதிவேடு இருக்கிறது, சுகாதாரப் பிரிவிடம் எந்தத் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்ற பதிவேடு இருக்கிறது. ஒரே கட்டடத்தில் இருக்கும் இந்த இரண்டு பதிவேடுகளும் ஒரே மேசைக்கு வருவதில்லை.

உங்கள் ஊரின் அடுத்த வார்டு கூட்டத்தில் புகை வண்டி எப்போது வரும் என்று கேட்காதீர்கள். சென்ற ஏப்ரல், மே மாதங்களில் நம் தெருவுக்கு எத்தனை நாள் இடைவெளியில் தண்ணீர் விட்டீர்கள், அதன் பிறகு இங்கே எத்தனை பேருக்கு டெங்கு உறுதியானது என்று கேளுங்கள். இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதி, அலுவலக வாசலில் ஒட்டச் சொல்லுங்கள்.